ஆயிரம் சப்ஸ்கிரைபர் நன்றி உரை: இரண்டரை நிமிட ஸ்கிரிப்டை எழுதி முடிப்பது எப்படி

ஆயிரம் சப்ஸ்கிரைபர் சேர்ந்ததும் வரும் நன்றி வீடியோக்களில் முக்கால்வாசி ஒரே வீடியோதான். "நீங்க இல்லாம நான் இல்ல", "இது வெறும் ஆரம்பம்தான்", "இந்தக் குடும்பத்துக்கு என் மனமார்ந்த நன்றி". சமையல் சேனல்காரரை எழுப்பிவிட்டுக் கணக்கு வாத்தியாரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கேட்கிறவர் தான் செய்த எந்தக் காரியத்துக்கு நன்றி சொல்லப்படுகிறது என்று தேடிப் பார்க்கிறார். அது கிடைக்காதபோது வீடியோவை மூடிவிடுகிறார்.

எனவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு நகர்கிறது: பார்வையாளர்கள் செய்த குறிப்பிட்ட மூன்று காரியங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு நன்றி சொல்வது. எண்ணுக்கோ, நம்முடைய "பயணத்துக்கோ" உரையில் பெரிய இடம் கிடையாது. உதாரணத்துக்கு ஒரு கற்பனைச் சேனலை எடுத்துக்கொள்கிறேன்: வீட்டுத் தையல் மெஷினைத் தானே பழுது பார்க்கக் கற்றுத் தரும் யூடியூப் சேனல். அதற்கான முழு ஸ்கிரிப்டும் கீழே வருகிறது. உங்கள் சேனல் பாட்டு, கணக்கு, விளையாட்டு என எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

எழுதுவது முன்னால், பதிவு செய்வது பின்னால்

ஸ்கிரிப்டை 950 சப்ஸ்கிரைபர் வாக்கில் எழுதத் தொடங்குங்கள். பதிவு செய்வதை மட்டும் தள்ளிப்போடுங்கள். காரணம், ஆயிரம் என்பது ஏறிவிட்டு இறங்கும் எண். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது கணக்கிலிருந்து நீக்குகிறது. ஒரு சிலர் தாமாகவே விலகுகிறார்கள். இரவு 1,002 என்று பார்த்துவிட்டு வீடியோவைப் போட்டால், காலையில் சேனல் பக்கத்தில் 997 என்று நிற்கும், அதற்குக் கீழே "எங்க ஆயிரம்?" என்ற கமெண்டும் நிற்கும். 1,010ஐத் தாண்டி இரண்டு மூன்று நாள் நிலைத்த பிறகு பதிவு செய்வது பாதுகாப்பு.

இதில் இன்னொரு சின்ன விஷயம் உண்டு. ஆயிரம் வரை சேனல் பக்கத்தில் சரியான எண் தெரியும். ஆயிரத்தைத் தொட்டதும் பொதுவில் சுருக்கிக் காட்டத் தொடங்குகிறார்கள்: 1,000 முதல் 1,009 வரை எல்லாமே 1K என்றுதான் தெரியும், 1,010 ஆனால் 1.01K. சரியான எண் யூடியூப் ஸ்டூடியோவில் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். ஆகவே உரையில் "ஆயிரத்துப் பதினான்கு பேர்" என்றெல்லாம் எண்ணிச் சொல்ல வேண்டாம். வீடியோ வெளியாகும் நேரத்துக்குள் அந்த எண் பழசாகிவிடும். "ஆயிரம் பேர்" என்றால் போதும்.

எந்த வடிவில்

நேரலை, வழக்கமான வீடியோவின் முடிவில் ஒரு துண்டு, தனி வீடியோ என்று மூன்று வழி இருக்கிறது. நேரலையில் ஆயிரத்தில் எத்தனை பேர் அந்த நேரத்துக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆறு பேர் இருக்கும் அறையில் ஆயிரம் பேருக்கு நன்றி சொல்வது பேசுபவருக்கே சங்கடம். வழக்கமான வீடியோவின் முடிவில் வைத்தால், அந்த முடிவு வரை யாரும் வருவது குறைவு. நான் எப்போதும் தனி வீடியோவையே சொல்வேன். ஆனால் அது மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே உங்கள் துறை சார்ந்த ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் கண்ணிலும் அந்த வீடியோ படும். அவர்களுக்கும் ஏதோ ஒன்று கிடைத்தால்தான் உட்கார்ந்து கேட்பார்கள்.

மூன்று காரியங்களைத் தேடி எடுப்பது

வேலையில் பாதி இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நேரே எழுத உட்கார்ந்தால் கை தானாகவே "மனமார்ந்த நன்றி" என்று எழுதும். ஸ்டூடியோவைத் திறந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் நோட்டு இருக்கட்டும்.

முதலில் அனலிட்டிக்ஸில் விரிவான அட்டவணையைத் திறந்து, சேனல் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை என்று கால அளவை மாற்றி, வீடியோக்களை சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். எந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அது காட்டும். பெரும்பாலும் அதிகம் பேர் பார்த்த வீடியோவும் அதிகம் பேரைச் சேர்த்த வீடியோவும் ஒன்றாக இருக்காது. நம் தையல் மெஷின் சேனலில் மோட்டார் சத்தம் பற்றிய வீடியோவுக்குத்தான் பார்வை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 1,014 பேரில் 387 பேரைக் கொண்டுவந்தது நூல் கோர்ப்பது பற்றிய நான்கு நிமிட வீடியோ. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த வீடியோவை ஏன் எடுத்தேன் என்பது. யாரோ ஒருவர் கமெண்டில் கேட்டதால்தான். முதல் காரியம் கிடைத்துவிட்டது.

அடுத்து கமெண்டுகள். "சூப்பர்", "நன்றி", இதயப் படம் எல்லாவற்றையும் தாண்டிச் செல்லுங்கள். பார்க்க வேண்டியவை: ஒரு வீடியோவுக்கு வித்திட்ட கேள்வி, மற்றவர் சந்தேகத்துக்கு நீங்கள் வருமுன் யாரோ எழுதிய பதில், உங்களுக்கே தெரியாத ஒரு தகவல், செய்து பார்த்துவிட்டு வந்து சொன்ன முடிவு. நம் சேனலில், அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸ் பற்றிய வீடியோவுக்குக் கீழே இரண்டு மூன்று பேர் புதியவர்களிடம் ஊசி நம்பரையும் மெஷின் மாடலையும் திருப்பிக் கேட்டு, பொறுமையாக வழி சொல்லியிருக்கிறார்கள். இது இரண்டாவது.

மூன்றாவது, பேசாதவர்கள். ஆயிரம் பேரில் கமெண்ட் போடுகிறவர்கள் ஒரு கை அளவுதான். உரை அவர்களோடு மட்டும் நின்றுவிட்டால் மற்றவர்கள் அடுத்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் போல நிற்பார்கள். பேசாதவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது: வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடம். பொதுவாக அந்தக் கோடு இறங்கிக்கொண்டே போகும். நடுவில் எங்காவது மேடு தெரிந்தால் அந்த இடத்தைப் பின்னால் இழுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், அல்லது நேராக அங்கே தாவி வந்திருக்கிறார்கள் என்று பொருள். பாபின் கேஸ் திருகைக் கால் சுற்றுத் திருப்பும் இடத்தில் மேடு இருக்கிறது என்றால், பார்த்தவர் கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கிறார். வாய் திறக்காதவருக்கு நன்றி சொல்ல இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது.

கடைசியாக, திரைக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விளக்குப் பிடித்தவர், வீடியோவை வெட்டி ஒட்டியவர், பதிவு நேரத்தில் வீட்டை அமைதியாக வைத்தவர் என்று யாராவது இருப்பார்கள். ஒருவர், அதுவும் ஒரே வாக்கியத்தில். ஐந்து பேரை வரிசையாகச் சொன்னால் அது கல்லூரி ஆண்டு விழா நன்றியுரை ஆகிவிடும்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். யார் எந்தச் சேனலுக்கு சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார்கள் என்பது யூடியூபில் இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்டிருக்கும்; வெளியே தெரியட்டும் என்று மாற்றி வைத்தவர்கள் மட்டுமே உங்கள் பட்டியலில் தெரிவார்கள். அதனால் "ஆயிரமாவது சப்ஸ்கிரைபர் இவர்தான்" என்று அறிவிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்; அந்த ஆயிரமாவது ஆளை உங்களால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. கமெண்ட் போட்டவரின் பெயர் பொதுவில் இருந்தாலும், அந்த கமெண்டுக்குக் கீழேயே "உங்க பேரை வீடியோல சொல்லலாமா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் செயலை மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். சிறுவர்கள் என்று தோன்றினால் கேட்கவே வேண்டாம், பெயரை விட்டுவிடுங்கள்.

தொடக்க வரி

"வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, இன்னிக்கு ஒரு ஸ்பெஷலான நாள்" என்று தொடங்கினால் முதல் பத்து நொடி வீண். வீடியோவின் தலைப்பைப் பார்த்து வந்தவருக்கு அது என்ன நாள் என்று ஏற்கெனவே தெரியும். நோட்டில் எழுதிய மூன்றில் மிகக் கூர்மையானதை எடுத்து, அதன் நடுவிலிருந்து தொடங்குங்கள். நம் சேனலுக்கு அந்தக் கேள்விதான் தொடக்கம்: மேல்நூல் கோர்க்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா? தையல் தெரிந்தவர் மனதுக்குள் உடனே பதில் சொல்வார். தெரியாதவர் பதிலுக்காகக் காத்திருப்பார். இரண்டு பேருமே போகமாட்டார்கள். "ஆயிரம்" என்ற சொல் அதற்கு அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.

பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள்

"நான் உங்களுக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி வைத்து, பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கேமரா முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள். கண் எழுத்துத் தமிழைப் படிக்கிறது, வாய் பேச்சுத் தமிழுக்குத் திருப்புகிறது. அந்த இடைவெளியில் குரல் செய்தி வாசிப்பது போல ஆகிவிடும். வாயிலிருந்து எப்படி வருமோ அப்படியே எழுதுங்கள்: "இருக்கீங்க", "பார்த்துட்டு", "சொல்லித் தர்றீங்க". உங்கள் வழக்கமான வீடியோவில் எந்த ஊர்ப் பேச்சோ அதே பேச்சு. மற்ற வீடியோக்களில் "நீங்க" என்று பேசிவிட்டு, நன்றி உரையில் மட்டும் "உறவுகளே" என்று கூப்பிட்டால் கேட்பவர் நெளிவார்.

வாக்கியம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டாக உடையுங்கள். நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: உங்கள் பழைய வீடியோ ஒன்றில் இயல்பாகப் பேசிய ஒரு நிமிடத்தை எழுத்தாக மாற்றிச் சொற்களை எண்ணுங்கள். நிதானமாகப் பேசுபவருக்கு அது நூறு சொல்லை ஒட்டி வரும். அதை இரண்டரையால் பெருக்கினால் உங்கள் ஸ்கிரிப்டின் உச்ச அளவு கிடைத்துவிடும்.

முழு ஸ்கிரிப்ட்

> தையல் மெஷின்ல மேல்நூல் கோர்க்கும்போது, பிரஷர் ஃபுட் மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?
>
> எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தர் கமெண்ட்ல கேட்ட கேள்வி இது. இன்னிக்கு இந்த சேனல்ல ஆயிரம் பேர் இருக்கீங்க. அதுல முந்நூறு பேருக்கு மேல வந்தது அந்தக் கேள்வியாலதான்.
>
> அது வரைக்கும் நான் மோட்டார், பெல்ட்டுன்னு பெரிய ரிப்பேரா எடுத்துட்டிருந்தேன். அந்தக் கேள்விக்காக நாலு நிமிஷத்துல ஒரு சின்ன வீடியோ போட்டேன். ஃபுட்டைத் தூக்கினாத்தான் டென்ஷன் தட்டு ரெண்டும் விலகும். நூல் உள்ள போய் உட்காரும். இறக்கி வச்சுக் கோர்த்தா, துணிக்கு அடியில நூல் சிக்கிக்கும். அவ்வளவுதான் அந்த வீடியோ.
>
> கேள்வி கேட்டவர் தன் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். இதைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கு என் முதல் நன்றி.
>
> (நிறுத்தம்)
>
> ரெண்டாவது, பாபின் கேஸ் வீடியோவுக்குக் கீழ பதில் எழுதுறவங்க. புதுசா ஒருத்தர் வந்து சந்தேகம் கேட்டா, நான் பார்க்கிறதுக்குள்ள நீங்க பதில் சொல்லி முடிச்சிருக்கீங்க. என்ன மாடல், எந்த நம்பர் ஊசின்னு திருப்பிக் கேட்டு, பொறுமையா சொல்லித் தர்றீங்க. அந்த கமெண்ட் பகுதி என் வீடியோவை விட நல்லா இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்.
>
> மூணாவது, எதுவுமே எழுதாம பார்க்கிறவங்க. நீங்க மெஷின் முன்னாடி உட்கார்ந்துதான் பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். எப்படின்னா, பாபின் கேஸ் திருகைக் கால் சுற்று திருப்புற அந்த ஒரு இடத்தை நீங்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கீங்க. அது கிராஃப்ல தெரியுது. அடுத்த தடவை அந்த மாதிரி இடத்தை நானே மெதுவா, ரெண்டு கோணத்துல காட்டுறேன்.
>
> இன்னொரு ஆள் உங்களுக்குத் தெரியாது. என் தங்கச்சி. மெஷினுக்கு அடியில கை நடுங்காம லைட் பிடிக்கிறது அவதான்.
>
> (நிறுத்தம்)
>
> இப்ப ஒரு உதவி. உங்க மெஷின்ல உங்களைப் படுத்துற ஒரே ஒரு பிரச்சினையைக் கீழ எழுதுங்க. மாடல் பேரையும் சேர்த்து எழுதுங்க. அதுல மூணை எடுத்து அடுத்த வீடியோல சரி பண்ணிப் பார்க்கலாம்.
>
> மெஷினைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க. நன்றி.

நிறுத்தங்களோடு நிதானமாகப் பேசினால் இது இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. இதில் சில இடங்களைக் கவனியுங்கள்.

"முந்நூறு பேருக்கு மேல" என்பது அட்டவணையில் பார்த்த 387லிருந்து வந்தது. "பாதிப் பேர் அந்த வீடியோவாலதான் வந்தாங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மை இல்லை. எண்ணைச் சொன்னால் சரியான எண்ணைக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கிச் சொல்லுங்கள்.

மூன்றாவது நன்றி ஒரு வேலையோடு முடிகிறது: அந்த இடத்தை மெதுவாக, இரண்டு கோணத்தில் காட்டுவது. "இன்னும் நல்ல வீடியோக்கள் தருவேன்" என்பது யாராலும் சரிபார்க்க முடியாத வாக்குறுதி. இரண்டு கோணம் என்பதை அடுத்த வீடியோவில் எவரும் பார்த்துவிட முடியும். இப்படி ஒரு வாக்குறுதி போதும். வாரம் மூன்று வீடியோ போடுவேன் என்று மகிழ்ச்சியில் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாவது வாரம் அந்த வீடியோவுக்குக் கீழேயே வந்து கேட்பார்கள்.

உதவி கேட்கும் பகுதியில் "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க" இல்லை. நன்றி சொல்லிவிட்டு உடனே அடுத்த ஆயிரத்துக்குக் கை நீட்டினால் முன்னால் சொன்ன நன்றி ஒரு பேரமாகத் தெரியும். பிரச்சினையை எழுதச் சொல்வதும் ஒரு கோரிக்கைதான், ஆனால் அதன் பயன் எழுதுகிறவருக்கே திரும்பிப் போகிறது. மாடல் பெயரைக் கேட்டது வேண்டுமென்றேதான்: "என் மெஷின் ஓடல" என்று மட்டும் இருநூறு கமெண்ட் வந்தால் அதை வைத்து ஒரு வீடியோகூட எடுக்க முடியாது.

கடைசியில் பிளக். சேனல் என்ன கற்றுத் தருகிறதோ அதிலிருந்தே முடியும் வரி அது. உங்கள் துறையிலும் அப்படி ஒரு வரி இருக்கும். வழக்கமாக எதைச் சொல்லி விடைபெறுவீர்களோ அதுவே போதும்.

உங்கள் சேனல் வேறு மாதிரி இருந்தால்

கமெண்டே வராத சேனல்கள் உண்டு. இசை, தூங்க வைக்கும் ஒலிகள், பின்னணியில் ஓடும் வீடியோக்கள் இப்படித்தான். அங்கே வரைபடமும் பார்க்கும் நேரமும்தான் சான்று. எந்த நேரத்தில் பார்வையாளர்கள் யூடியூபில் இருக்கிறார்கள் என்று ஸ்டூடியோ நிறத்தின் அடர்த்தியால் காட்டும். நள்ளிரவு தாண்டியும் அந்த நிறம் அடர்த்தியாக இருந்தால், தூக்கம் வராதவர்களிடம் நேரடியாகப் பேசலாம்.

ஷார்ட்ஸால் ஆயிரம் வந்திருந்தால் நிலைமை கொஞ்சம் கடினம். முப்பது நொடி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு விரல் தட்டியவர்களுக்கு உங்கள் முகமோ பெயரோ நினைவில் இருக்காது. அவர்களிடம் "இத்தனை நாள் கூடவே இருந்தீங்க" என்று சொல்வது பொருந்தாது. எந்த ஷார்ட் அவர்களைக் கொண்டுவந்தது என்று பார்த்து, அதையே தொடக்கத்தில் இரண்டு நொடி காட்டி, "இதைப் பார்த்துட்டு வந்தவங்க நிறையப் பேர். என் முகத்தை இப்பத்தான் பார்க்கிறீங்க" என்று தொடங்குங்கள். உரை ஒன்றரை நிமிடம் போதும்.

பணம், பரிசு பற்றிய வரிகள்

ஆயிரம் என்றதும் "இனிமே காசு வருமா?" என்ற கேள்வி வரும். ஆயிரம் சப்ஸ்கிரைபர் என்பது விளம்பர வருமானத்துக்கான நிபந்தனையில் ஒரு பாதி மட்டுமே. மறு பாதி, கடந்த 12 மாதங்களில் பொதுவில் உள்ள வீடியோக்களுக்கு 4,000 மணி நேரப் பார்வை, அல்லது கடந்த 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. இரண்டும் நிறைவேறிய பிறகும் விண்ணப்பித்து, யூடியூப் சேனலைப் பரிசீலித்த பிறகே அனுமதி. ஆகவே "உங்களால எனக்கு வருமானம் வரப்போகுது" என்ற வரியை உரையில் வைக்காதீர்கள். அது நடக்காமல் போகலாம். நடந்தாலும் நன்றியின் நடுவே அது ஒட்டாது. பட்டன் பரிசு பற்றிக் கேட்டால், வெள்ளிப் பட்டன் ஒரு லட்சத்தில்தான். ஆயிரத்துக்கு எதுவும் அனுப்பமாட்டார்கள்.

பரிசுக் குலுக்கல் அறிவிக்க நினைப்பவர்களுக்கு: யூடியூபில் நடத்தும் போட்டியில் கலந்துகொள்ளக் கட்டணம் வாங்கக் கூடாது, விதிகளை எழுதி வெளியிட வேண்டும், அது உங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட வேண்டும், பொறுப்பு முழுக்க உங்களுடையது. "நீ எனக்கு, நான் உனக்கு" என்று பரஸ்பரம் சப்ஸ்கிரைப் செய்வதோ போலி ஈடுபாடாகக் கருதப்பட்டு நேரடியாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்களுக்கு உரையில் நன்றி சொல்லி நீங்களே சாட்சி ஏற்படுத்திவிடாதீர்கள். என்னைக் கேட்டால் முதல் ஆயிரத்துக்குக் குலுக்கல் வேண்டாம். பரிசுக்காக வருகிறவர்கள் பரிசு முடிந்ததும் போய்விடுவார்கள், உரையை எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பதிவு செய்யும் நாள்

ஸ்கிரிப்டை மனப்பாடம் செய்யாதீர்கள், முழுவதையும் பார்த்துப் படிக்கவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு சொல் மட்டும் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, கேமரா லென்ஸுக்கு அருகில் ஒட்டுங்கள்: "ஃபுட் கேள்வி", "பதில் எழுதுறவங்க", "திருகு கிராஃப்", "தங்கச்சி லைட்", "ஒரு பிரச்சினை", "பிளக்". முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வார்த்தை மாறாமல் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டினாலே கண் ஓடுவது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நான்கு தடவைக்கு மேல் எடுக்க வேண்டாம். ஐந்தாவது தடவையில் "நிஜமாத்தான் சொல்றேன்" என்பது நடிப்பாகக் கேட்கும். தொண்டை அடைத்துக்கொண்டால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுக்கலாம். சின்னதாக ஒரு தடுமாற்றம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னணியில் பிரபலமான பாட்டைப் போட்டால் உரிமைக் கோரிக்கை வரக்கூடும். இசை வேண்டும் என்றால் யூடியூபின் சொந்த ஒலி நூலகத்திலிருந்து எடுங்கள். இந்த உரைக்கு இசையே இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். நிறுத்தங்களில் இருக்கும் மௌனத்தை இசை மூடிவிடுகிறது.

வெட்டும்போது பேச்சோடு சான்றையும் காட்டுங்கள். கேள்வி வரும் இடத்தில் அந்தக் கமெண்டின் படம், பெயரும் முகப்படமும் மறைத்து. மூன்றாவது நன்றியில் அந்த மேடு தெரியும் வரைபடம். தட்டு விலகுவதைச் சொல்லும்போது பழைய வீடியோவிலிருந்து மூன்று நொடி. ஆயிரம் என்ற எண்ணைத் திரையில் பட்டாசோடு காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

போட்ட பிறகு

முதல் இரண்டு நாள் வரும் கமெண்டுகளுக்குப் பதில் எழுதுவதும் உரையின் ஒரு பகுதிதான். பிரச்சினையை எழுதச் சொல்லிவிட்டு ஆளைக் காணோம் என்றால் சொன்ன நன்றி அங்கேயே கெட்டுப்போகும். உங்கள் கேள்வியை நீங்களே ஒரு கமெண்டாக எழுதி மேலே பின் செய்து வையுங்கள். வீடியோவை முழுதும் பார்க்காதவர்களும் அதைப் பார்த்து எழுதுவார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே வரைபடத்தை இந்த வீடியோவுக்கும் திறந்து பாருங்கள். முதல் முப்பது நொடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்திருந்தால் தொடக்கம் நீண்டுவிட்டது. மூன்று நன்றிகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் சரிந்திருந்தால் அந்தப் பகுதி பொதுவாகப் பேசப்பட்டிருக்கும். திரும்பக் கேட்டால் உங்களுக்கே தெரியும். பிறகு வந்த பிரச்சினைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, மாடல் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு கோண வீடியோவை எடுக்கத் தொடங்கலாம்.